திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, ரிட்டர்ன், கூலி பாக்கி ஃபாலோ-அப் | நிட்டிங், பவர்டேபிள், பிரிண்டிங்

பார்ட்டி தரும் நூலையும் துணியையும் வாங்கிக் கூலிக்கு ஓட்டித் தரும் யூனிட்டுகளுக்குத்தான் நான் கணக்குப் பார்க்கிறேன். ஓனரே மிஷின் பக்கத்தில் நிற்கிற, தனியாக அக்கவுண்டன்ட் வைக்கக் கட்டுப்படியாகாத இடங்கள். ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் அக்கவுண்ட்ஸில் 11 வருடம் இருந்தேன். ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறவர் பில்லில் எதைப் பார்ப்பார், எதைக் காட்டி பேமென்டை நிறுத்துவார் என்று அந்தப் பக்கமிருந்தே தெரியும். 2019 முதல் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகத் தனியாகச் செய்கிறேன்.

மாத வேலை இதுதான்: பில், டி.சி. போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். டேலியில் ஏற்றி, 11ஆம் தேதிக்குள் GSTR-1, 20க்குள் GSTR-3B போட்டுவிடுவேன். காலாண்டு முறையில் இருந்தால் அதற்கேற்ற தேதிகள்.

டி.சி. விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறார். எத்தனை கிலோ நூல் வந்தது, எத்தனை கிலோ துணியாகப் போனது, வேஸ்ட் எவ்வளவு என்று பார்ட்டிவாரியாக எழுதி வைப்பேன். அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் வரி பார்ட்டி தலையில் விழும். அவர் ITC-04 போடும்போது உங்களைத்தான் கூப்பிடுவார். அன்றைக்குப் பழைய டி.சி. புத்தகத்தைத் தேட வேண்டியிருக்காது.

கூலி பாக்கிக்கும் ஒரு வழி உண்டு. உத்யம் பதிவில் குறு, சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பார்ட்டி பணம் தர வேண்டும். கெடு தாண்டினால், வருமான வரிச் சட்டப்படி பணம் கொடுத்த வருடத்தில்தான் அதை அவர் செலவாகக் கழிக்க முடியும். அதனால் உங்கள் பில்லில் உத்யம் எண்ணை அச்சடிக்க வைப்பேன். மார்ச்சுக்கு முன்பே பாக்கிப் பட்டியலைத் தயாராகக் கொடுப்பேன். பார்ட்டியோடு சண்டை போடாமல் கேட்க இது உதவுகிறது. வசூலுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.

டாக்ஸ் ஆடிட்டுக்குச் சி.ஏ. கையெழுத்து வேண்டும், அதை நான் செய்வதில்லை. உங்கள் ஆடிட்டருக்குத் தேவையான கணக்கை முடித்துக் கொடுப்பேன். சரக்கே இல்லாமல் பில் மட்டும் கேட்பவர்கள் தயவுசெய்து வேறு இடம் பார்க்கவும்.

கட்டணம் மாதம் 2,500 ரூபாயிலிருந்து, பில் எண்ணிக்கையைப் பொறுத்து. அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், பல்லடம் ரோடு பக்கம் நேரிலேயே வருவேன்.

என்ன வேலை ஓட்டுகிறீர்கள், மாதம் சுமார் எத்தனை பில் என்று இங்கேயே மெசேஜ் அனுப்புங்கள். முதல் முறை வரும்போது கடைசி மூன்று மாத ரிட்டர்னைப் பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை.