மூன்று விரல்கடை

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் அப்பா எங்கள் இரண்டு பேரையும் வாசல் நிலையில் சாய்த்து நிறுத்துவார். தலைமேல் ஒரு சட்டத்தை வைத்து, காதிடுக்கில் செருகியிருக்கும் தச்சுப் பென்சிலால் ஒரு கோடு. அந்த வருஷம் நான் பிளஸ் ஒன், பாலு ஒன்பதாவது. அவன் கோடு என் கோட்டுக்கு மூன்று விரல்கடை கீழே கிடந்தது.

காலாண்டுப் பரீட்சை முடிந்துதான் எனக்கு இலவச சைக்கிள் வந்தது. நான் மிதிப்பேன், பாலு கேரியரில் உட்காருவான். இடையில் எப்போதுதான் வளர்ந்தானோ! தீபாவளிக்கு அளவெடுத்த டெய்லர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இதுல பெரியவன் யாரு?" என்றார். பாலு என்னைக் கைகாட்டினான். "சின்னவனுக்கு மடிப்புல ரெண்டு இஞ்ச் கூட விடுங்க" என்றாள் அம்மா. பொங்கலுக்குள் அந்த மடிப்பையும் பிரித்தாகிவிட்டது. பரணில் இருக்கும் முறுக்கு டின்னை அம்மா இப்போது அவனைத்தான் எடுக்கச் சொன்னாள். எனக்கு முறுக்கே பிடிக்காமல் போயிற்று.

சண்டை சைக்கிள் சீட்டில்தான் நடந்தது. கடைக்குப் போக அவன் ஏற்றி வைப்பான். டியூஷனுக்குக் கிளம்பும்போது என் கால் தரையில் எட்டாது. ஸ்பேனரைத் தேடி, திட்டிக்கொண்டே இறக்குவேன். நட்டில் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தது.

மார்ச்சில் சீட் ஏறுவது நின்றுவிட்டது. ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் ஆற்றுப்பாலத்துப் பக்கம் நின்றிருந்தேன். பாலு பின்னால் மாவு வாளியைக் கட்டிக்கொண்டு மேட்டில் மிதித்து வந்தான். இறக்கிய சீட்டில் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடிக்காமல் இருக்க வெளியே விரித்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டென்று இறங்கினான். நடக்கும்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் வந்தான். யோசித்துப் பார்த்தேன், என்கூட நடக்கும்போதெல்லாம் கொஞ்ச நாளாக இப்படித்தான் வருகிறான்.

"கூன் போடாதலே. நிமிந்து நட."

"போடலயே அண்ணே."

"வாளியைப் பிடி."

அப்பாவின் ஸ்பேனர் என் டியூஷன் பையில்தான் இருந்தது. நட்டைத் தளர்த்தி, சீட்டை மேலே இழுத்தேன். பழைய அடையாளம் வந்ததும் நிறுத்தப் போனேன். அவன் காலைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு விரல்கடை ஏற்றி முறுக்கினேன். வாளியை அவனிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறினேன்.

"போலாம்லே. மாவு புளிக்கப்போவுது."