மண்டப முன்பதிவு நேர மாற்றம்: 2026 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை

அன்புடையீர்,

உங்கள் மகளின் திருமணத்துக்காகப் பதிவு செய்த எங்கள் வெள்ளவத்தை மண்டபம் அன்று காலை 8 முதல் மாலை 5 வரை அல்லாமல், காலை 6.30 முதல் பிற்பகல் 3 மணி வரையே கிடைக்கும். பிரதான மின்பலகையை மாற்றும் வேலை அன்று மாலை 5.30க்குத் தொடங்குகிறது, தள்ளிப்போட முடியாத வேலை. நீங்கள் தந்த முகூர்த்தம் காலை 9.40. அதற்கு எந்தத் தடையும் வராது. அழைப்பிதழ் அடித்த பிறகு இப்படி அறிவிப்பதற்கு மனம் வருந்துகிறோம். குறையும் அரை மணி நேரத்துக்காக மீதிக் கட்டணத்தில் 15,000 ரூபாய் கழித்துள்ளோம்.

மணவறை, பூ அலங்காரக்காரர் முதல் நாள் சனிக்கிழமை மாலை 6 முதல் இரவு 10 வரை வரலாம். இதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை. லொறியைக் காலி வீதியில் நிறுத்தாமல் பின் ஒழுங்கை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாசல் தூணில் ஆணி அடிக்க வேண்டாம், வாழைமரம் கட்டக் கயிறு நாங்கள் தருவோம். ஓமகுண்டத்தின் கீழே மணல் பரப்பிய தகரத் தட்டு கட்டாயம். மரமேடை ஏற்கெனவே ஒருமுறை கருகியது. சமையல்காரருக்குக் காலை 5 மணிக்கே பின்கதவு திறக்கும்.

பிற்பகல் 5 மணிக்குள் எல்லாச் சாமான்களும் வெளியேற வேண்டும். அதன்பின் மின்சாரம் இராது, லிஃப்ட் இயங்காது. சாப்பிட்ட வாழையிலைகளைப் பிளாஸ்டிக்கோடு கலக்காமல் தனிப் பையில் கட்டுங்கள்.

சம்மதமா என்பதை ஆகஸ்ட் 10க்குள் அலுவலகத்தில் தெரிவியுங்கள். வேறு நாள் வேண்டுமென்றாலோ, ரத்துச் செய்வதென்றாலோ முற்பணம் முழுவதும் உங்களுடையதே.

மண்டப முகாமையாளர்