வீட்டில் பிரஷர் பார்த்து எழுதும் நோட்டு: எப்படி, எப்போது, எந்த எண் வந்தால் கூப்பிட வேண்டும்

இந்த நோட்டில் 7 நாள் கணக்கு எழுதிக் கொண்டு வாருங்கள். கிளினிக்கில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே சிலருக்குப் பிரஷர் ஏறிவிடும். சிலருக்கு இங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறும். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை உங்கள் நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

பார்ப்பதற்கு முன்

காபி, டீ, பீடி, சிகரெட், நடைப்பயிற்சி எதுவானாலும் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எண் கூடும். தரையில் சம்மணம் போட்டோ, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டோ பார்க்க வேண்டாம். முதுகு சாயும் நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் பட, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். பார்க்கும்போது பேசவும் வேண்டாம், "எவ்வளவு வருது?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டாலும் சரி.

பட்டையைக் கட்டுவது

அதிகம் தவறுவது இங்கேதான். பட்டை வெறும் தோலின் மேல் இருக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கும். ஒரு கையை முழுதாகக் கழற்றிவிடுவது நல்லது. இறுக்கமான ரவிக்கைக்கும் இதுதான். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையின் கீழ் ஓரம் வரட்டும். குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்க வேண்டும். கட்டிய பிறகு ஒரு விரல் உள்ளே நுழைந்தால் போதும்.

கையை மேஜைமேல் வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி தலையணையோ மடித்த துண்டோ அடியில் வையுங்கள். கை கீழே தொங்கினால் எண் கூடுதலாகக் காட்டும். கை பருமனாக இருப்பவர்களுக்குச் சின்னப் பட்டையும் அப்படித்தான், இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும். மெஷினோடு வந்த பட்டையில் எத்தனை செ.மீ. கைக்கு என்று எழுதியிருக்கும்; டேப்பால் மேல்கையின் நடுவில் அளந்து பாருங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம்.

எந்தக் கை என்று முதல் பக்கத்தில் எழுதித் தந்திருக்கிறோம். தினமும் அதே கையில் பாருங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கையிலோ, மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையிலோ பார்க்கக் கூடாது.

நேரம்

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் டிபனுக்கும் முன். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கும் இரவு மாத்திரைக்கும் முன். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். ஒரு நாள் இப்படி இருக்கும்:

செவ்வாய், காலை 6.40: 146/88, 138/84, நாடி 72
மாலை 7.15: 134/82, 132/80, நாடி 76. மதியம் கல்யாண விருந்து, ஊறுகாய் அப்பளம்.

அந்தக் கடைசி வரி மாதிரி குறிப்பு எங்களுக்கு ரொம்ப உதவும். தூக்கமில்லை, மாத்திரை மறந்துவிட்டது, மூட்டு வலி மாத்திரை போட்டேன் என்று எதுவானாலும் எழுதுங்கள். 146-ஐ 140 ஆக்க வேண்டாம். நன்றாக வந்ததை மட்டும் எழுதும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. திட்ட மாட்டோம், வந்ததை எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி 6 நாளுக்கு நாங்கள் சராசரி போடுவோம். அது 135/85-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்போம்.

எப்போது கூப்பிட வேண்டும்

ஒரு தடவை கூடிவிட்டால் பயப்பட வேண்டாம், பத்து தடவை திரும்பத் திரும்பப் பார்க்கவும் வேண்டாம். பதற்றத்திலேயே ஏறும்.

மேல் எண் 180 அல்லது கீழ் எண் 120, அல்லது அதற்கு மேல் வந்தால் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, உடம்புக்கு வேறு ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கே எங்களைக் கூப்பிடுங்கள். கூடவே நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், ஒரு பக்கம் கைகால் விழுதல், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம் இதில் ஏதாவது இருந்தால் மறுபடி பார்க்கவும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இந்த அறிகுறிகளுக்கு மெஷின் என்ன காட்டினாலும் 108தான்.

மூன்று நாள் தொடர்ந்து 160/100-க்கு மேல் இருந்தால் கிளினிக் நேரத்தில் கூப்பிடுங்கள். மேல் எண் 90-க்குக் கீழே போனாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ அன்றே சொல்லுங்கள். மயங்கி விழுந்தால் 108. உட்கார்ந்திருக்கும்போதே நாடி 50-க்குக் கீழோ 120-க்கு மேலோ நின்றாலும், தாறுமாறான துடிப்புக்கான இதயக் குறி அடிக்கடி வந்தாலும் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு: 140/90 வந்தாலே அன்றே கூப்பிடுங்கள், 160/110 என்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ, இன்னொன்று போடவோ, நாக்குக்கு அடியில் எதையும் வைக்கவோ வேண்டாம். திடீரென்று இறங்கினாலும் ஆபத்து. அடுத்த தடவை வரும்போது நோட்டோடு மெஷினையும் எடுத்து வாருங்கள், எங்கள் மெஷினோடு ஒத்துப் பார்த்துவிடலாம்.