தோஹா கிளை வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு ஊர் சென்றுவர விடுப்பு வேண்டி

அனுப்புநர்
ச. கோமதிநாயகம்,
தலைமைச் சமையல்காரர்,
கராமா கிளை, துபாய்.

பெறுநர்
உரிமையாளர் அண்ணாச்சி அவர்கள்,
தலைமை அலுவலகம், துபாய்.

நாள்: 5 பிப்ரவரி 2025

பொருள்: கத்தார் வேலை விசாவுக்காகச் சென்னையில் மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் செய்துகொள்ள, 2 மார்ச் முதல் 25 மார்ச் 2025 வரை 24 நாள் விடுப்பு வேண்டுதல்.

மதிப்புக்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். தோஹாவில் தொடங்கும் புதுக் கிளையின் சமையலறைப் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்க நீங்கள் முடிவு செய்ததை மேலாளர் சொன்னார். பத்து வருடத்துக்கு முன்னால் காய்கறி நறுக்கும் ஆளாகத்தான் உங்களிடம் வந்து சேர்ந்தேன். இந்தப் பொறுப்பு எனக்கு எவ்வளவு பெரியது என்பதை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் வீட்டாரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

கத்தார் வேலை விசா இந்தியருக்கு முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், இந்தியாவில் உள்ள கத்தார் விசா மையம் ஒன்றுக்கு நேரில் போக வேண்டும். கைரேகை, மருத்துவப் பரிசோதனை, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து மூன்றும் அங்கேயே முடிந்துவிடும். நமக்கு வசதி சென்னை மையம். துபாயில் இருந்தபடி இதை முடிக்க வழியில்லை என்பதால்தான் இந்த விடுப்பைக் கேட்கிறேன்.

மார்ச் 1-ஆம் தேதியை ஒட்டி நோன்பு தொடங்குகிறது. பகலில் கடையில் கூட்டம் இருக்காது. நோன்பு திறக்கும் நேரத்துக்கும் அதற்குப் பிறகும்தான் வேலை. பெருநாள் மாத முடிவில் வரும். பெருநாள் விடுமுறையில் கராமா கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் நான் இல்லாமல் இருக்க மாட்டேன். அதனால்தான் 2-ஆம் தேதி ஞாயிறு இரவு புறப்பட்டு, 25-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை திரும்பி, 26-ஆம் தேதி காலையில் அடுப்படியில் நிற்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். கடைசியாக நான் ஊருக்குப் போனது 2023 ஜூலையில். அதற்குப் பிறகு ஆண்டு விடுப்பு எடுக்கவில்லை. இந்த 24 நாளை அந்த விடுப்பிலேயே கழித்துக்கொள்ளலாம்.

பரிசோதனை ஒரே நாள் வேலை, அதற்கு 24 நாள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

2018 அக்டோபரில் விசா புதுப்பிக்க எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் என் வலது நுரையீரலின் மேல்பக்கம் புள்ளி தெரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காசநோய் என்று உறுதியானது. அன்று மாலை கடையின் பின்வாசலில் நின்று, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் அழுதபோது, "இப்போது சட்டம் மாறியிருக்கிறது, இங்கேயே வைத்தியம் பார்க்கலாம்" என்று சொல்லி நீங்கள்தான் என்னைக் காரில் அழைத்துப் போனீர்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. சிறுநீர் செங்கல் கரைத்த தண்ணீர்போலப் போகும். மருந்து உடம்பில் வேலை செய்கிறது என்று அதைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்வேன். ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. முதலில் ஒரு வருடத்துக்குத்தான் விசா கொடுத்தார்கள். 2019, 2021, 2023 என்று மூன்று முறை புதுப்பித்தபோதும் தடை வரவில்லை. இப்போதைய விசா 2025 நவம்பர் வரை செல்லும்.

நோய் போய்விட்டாலும் தழும்பு நுரையீரலில் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் அது தெரியும். துபாயில் என் பழைய பதிவுகள் இருப்பதால் மருத்துவர்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. சென்னையில் என்னைப் பார்க்கப் போகிற மருத்துவருக்கு நான் புது ஆள். அவர் சளிப் பரிசோதனை கேட்கலாம், இன்னொரு எக்ஸ்ரே கேட்கலாம், பழைய படத்தைக் கொண்டு வா என்று சொல்லலாம். விரைவுப் பரிசோதனை என்றால் ஓரிரு நாளில் முடிவு தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் வாரக்கணக்கில் ஆகும். மூன்று நாள் விடுப்பில் போய், மறுபரிசோதனை என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு விமானத்துக்கு ஓடி வர முடியாது. அந்த இடைவெளிக்காகத்தான் இத்தனை நாள்.

உங்கள் ஒப்புதல் கிடைத்ததும் மார்ச் 5 புதன்கிழமை காலைக்கு மையத்தில் நேரம் பதிவு செய்ய நினைத்திருக்கிறேன். அதற்கு அலுவலகத்திலிருந்து கத்தார் விசா விண்ணப்ப எண் வேண்டும். அன்று மாலையே எழும்பூரிலிருந்து பொதிகை ரயிலில் சங்கரன்கோவில் போய்விடுவேன். சென்னையிலிருந்து அழைப்பு வந்தால் மறுநாள் காலையில் அங்கே இருக்க முடியும். 2018 எக்ஸ்ரே, சிகிச்சை முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரே, 2023-இல் எடுத்தது ஆகிய மூன்றையும், சிகிச்சை முடிந்த சான்றையும் எடுத்துப் போகிறேன். மருத்துவர் கேட்கும் முன்பே மேசையில் வைத்துவிடுவேன். "கொஞ்சம் பணம் கொடுத்தால் எக்ஸ்ரேயைச் சரிசெய்து தருகிறேன்" என்று ஊரில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்த நோயைச் சொல்லி, வைத்தியம் பார்த்து, குணமான மனிதன் நான். அதை நான் ஒளித்துக்கொண்டு போக மாட்டேன்.

அண்ணாச்சி, இனி நான் கேட்பதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமானது. கத்தார் பரிசோதனையில் தகுதி என்று எழுத்தில் முடிவு வரும்வரை, என் துபாய் விசாவை ரத்து செய்ய வேண்டாம்.

விசா மாற்றும்போது பழையதை முன்கூட்டியே ரத்து செய்துவிட்டு ஆளை ஊருக்கு அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. கணக்கு முடிப்பதற்கு அது அலுவலகத்துக்குச் சுலபம். என் சின்னம்மா மகன் வேறொரு நாட்டில் அப்படித்தான் ரத்து வாங்கிக்கொண்டு புது விசாவுக்காக ஊருக்கு வந்தார். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு, தகுதியில்லை என்று ஒரு முத்திரை. இந்தப் பக்கமும் வேலை இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அன்று அவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சித்தி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தும் வாங்கவில்லை. பதினான்கு வருடம் வெளிநாட்டில் உழைத்தவர், இன்று சந்தையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், மூத்தவள் இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள். வீட்டுக் கடனில் இன்னும் நான்கு வருடத் தவணை பாக்கி. அந்தத் திண்ணையில் நான் போய் உட்காரக் கூடாது.

நான் வெளியே இருக்கப்போவது 24 நாள்தான். ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால்தான் விசா செல்லாமல் போகும், அதனால் இதை வைத்திருப்பதில் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன். தகுதி என்று முடிவு வந்தால், நான் துபாய் திரும்பிய பிறகு ரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன். அப்போது 2014 முதலான பணிக்கொடையைச் சட்டப்படி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்கு மேல் 30 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் முடித்துக் கொடுத்தால் போதும். தகுதியில்லை என்று வந்துவிட்டால், கராமா கடையிலேயே இப்போதுள்ள வேலையில் தொடர எனக்கு அனுமதி கொடுங்கள். தோஹாவுக்கு வேறு ஆளை அனுப்புவதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. புதிதாகப் போகிறவருக்கு மெனு முழுவதையும் நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

மையத்தில் கையெழுத்துக்கு வரும் ஒப்பந்தத்தில், மேலாளர் சொன்ன சம்பளமும் தங்குமிடமும் சாப்பாடும் அப்படியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு தொகை எழுதியிருந்தால் அங்கே நின்றுகொண்டு நான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தடுமாறுவேன். முன்கூட்டியே ஒரு நகல் அனுப்பினால் ஊருக்குப் போகும் முன் படித்துவிடுவேன்.

நான் இல்லாத நாட்களுக்குச் சமையலறை ஏற்பாட்டைப் பேசி வைத்திருக்கிறேன். காலை டிபனும் சாம்பாரும் தம்பி செல்வம் பார்த்துக்கொள்வார். ஒரு வருடமாக என் பக்கத்தில் நின்று செய்கிறவர், கை பக்குவப்பட்டுவிட்டது. பிரியாணியை தேரா கிளை மாஸ்டர் மாலையில் வந்து இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டார், நோன்புக் கஞ்சியும் அவர் பொறுப்பு. சாம்பார்பொடி, குழம்புமசாலா இரண்டையும் மூன்று வாரத்துக்குத் தேவையான அளவு வறுத்து அரைத்து டப்பாவில் வைத்துவிட்டுத்தான் போவேன். மிளகாய் இந்த முறை காரம் கூடுதலாக வந்திருக்கிறது, அதற்குத் தகுந்தபடி அளவைக் குறைத்துச் சுவரில் எழுதி ஒட்டுகிறேன்.

ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு. 2018-இல் நடந்தது உங்களுக்கும் மேலாளருக்கும் மட்டும்தான் தெரியும். என்னோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அலுவலகக் கோப்பில் பொதுவாக வைக்காமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். விடுப்புப் படிவத்தில் "விசா வேலை" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறுகிறது. இந்தச் சனிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால், அன்றே சென்னைக்குப் போகவும் வரவும் சேர்த்து எடுத்துவிடுவேன். நேரில் பேச வேண்டுமென்றால் மதியம் மூன்று மணிக்கு மேல் எந்த நேரமும் அலுவலகத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள,
ச. கோமதிநாயகம்

இணைப்பு: பாஸ்போர்ட் நகல், தற்போதைய விசா நகல், சிகிச்சை முடிந்த சான்றின் நகல், நிரப்பிய விடுப்புப் படிவம்.