தினமும் வேதம், 365 நாள்: வாய்ஸ் டீமுக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜனவரி 1 ஆரம்பிக்கிறோம், அதனால பிளான இப்பவே ஃபிக்ஸ் பண்ணிடுவோம். மொத்தம் 1189 அதிகாரம், சங்கீதம் 119-க்கு 176 வசனம் இருக்கு, அதுக்கு ஒரு நாள் தனியா குடுத்துட்டா மீதி 364 நாள்ல 96 நாளைக்கு நாலு அதிகாரம், மத்த நாள் மூணு. அந்த நாலு வர்ற நாளையெல்லாம் முடிஞ்சவரை குட்டி சங்கீதங்கள்ல போட்டாச்சு.

எபிசோட் எப்பவும் ஒரே மாதிரி: நாள் நம்பர், பகுதி, வாசிப்பு, அன்னைக்கு வசனம் இன்னொரு தடவை, நாளைய பகுதி, அவ்ளோதான். பிரசங்கம் வேணாம் ப்ளீஸ், பிரசங்கம் கேக்கத்தான் ஞாயித்துக்கிழமை இருக்கு. பழைய மொழிபெயர்ப்பு மட்டும்தான், ஆளுக்கொண்ணு எடுத்துடாதீங்க.

கேப்ஷன் இப்படி:

நாள் 001 | ஆதியாகமம் 1–3
"ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." ஆதி. 1:1
நாளை: ஆதியாகமம் 4–6
#தினமும்வேதம்

நாள் 002 | ஆதியாகமம் 4–6
"நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது." ஆதி. 6:8
நாளை: ஆதியாகமம் 7–9
#தினமும்வேதம்

ஃபைல் பேரு `naal_001.mp3`, சைபர் விட்டா வரிசை கலைஞ்சிடும். லேவியராகமம் வரும்போது நிறைய பேர் கழண்டுக்குவாங்க, 1 நாளாகமம் முதல் ஒன்பது அதிகாரம் முழுக்க பேருதான், அந்த ரெண்டுக்கும் நல்லா வாசிக்கிற சாந்தி அக்காவும் ஜெபராஜ் அண்ணனும். டிசம்பர் 20-க்குள்ள ஜனவரி ஃபுல்லா ரெக்கார்டிங் முடிச்சு டிரைவ்ல போட்டுடுங்க.