பொருள்: பணிவிலகல், ஏற்காடு பொறி ஆய்வை ஒப்படைத்தல்

சேலம்
14 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்திருக்கிறது. ஜனவரி 5 அன்று சேர வேண்டும். எனவே, 2026 ஆகஸ்ட் வரை இருந்த என் முதுமுனைவர் பணியிலிருந்து டிசம்பர் 31 அன்று விலக அனுமதி கேட்கிறேன். நியமன ஆணை கேட்பது ஒரு மாத முன்னறிவிப்பு. நேர்காணலுக்குப் போகும்போதே உங்களிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் பாதியில் விட்டுப் போகிறோமே என்று மனது அடித்துக்கொள்கிறது.

டிசம்பர் கடைசி வரை இருப்பதற்குக் காரணம் வண்டுதான். காபியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பறக்கும். இந்தப் பருவத்தின் கணக்கு நடுவில் அறுந்தால் இரண்டு வருட உழைப்பும் பாழ். 40 பொறிகளையும் டிசம்பர் 29 திங்கட்கிழமை வரை நானே பார்த்துவிடுகிறேன். டிசம்பர் 15-ஆம் தேதியிலிருந்து நம் ஜே.ஆர்.எஃப். தம்பி முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். எந்தச் சரிவில் எந்தப் பொறி என்பது வரைபடத்தைவிடக் கால்களுக்குத்தான் நன்றாகப் பதியும்.

ஒன்றை மட்டும் அவரிடம் நீங்களும் அழுத்திச் சொல்லுங்கள். 17-ஆம் பொறி அக்டோபர் 27 அன்று மழையில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே சேறும் சில்வர் ஓக் இலையும்தான். அந்த வாரம் நான் பூஜ்யம் போடவில்லை, NA என்று போட்டிருக்கிறேன். வண்டு விழாதது வேறு, பொறி வேலை செய்யாதது வேறு. இரண்டையும் கலந்துவிட்டால் அந்தத் தோட்டத்தில் தாக்குதல் குறைவு என்று தப்பான முடிவு வந்துவிடும்.

தரவெல்லாம் ஆய்வகப் பொதுக் கோப்பில் trap_weekly.csv என்ற பெயரில் இருக்கிறது. கணக்கிடும் நிரல் trap_weekly.R. மூல நோட்டுப் புத்தகங்கள் மூன்றும் உங்கள் அலமாரியில் வைக்கிறேன். உறைபெட்டியில் உள்ள புழு மாதிரிகளுக்குப் புதுச் சீட்டு ஒட்டிவிட்டேன், பழைய மை அழியத் தொடங்கியிருந்தது. தோட்ட அறைச் சாவி மேஸ்திரி அண்ணனிடம் இருக்கும். ஏப்ரல், மே பறப்புக்கான கவர்ச்சி மருந்தைப் பிப்ரவரியிலேயே ஆர்டர் செய்தால்தான் சரியாக வரும்.

நிழல் மர அடர்த்தி பற்றிய கட்டுரையின் முதல் வரைவை டிசம்பர் 20-க்குள் அனுப்புகிறேன். ஏப்ரல் தரவைச் சேர்த்து அதை முடிக்க ஆசை. சனிக்கிழமைகளில் வந்து உட்காருவேன், நாமக்கல் ஒன்றும் தூரமில்லை. ஆசிரியர் வரிசையில் தம்பியின் பெயர் இரண்டாவதாக வர வேண்டும் என்பது என் விருப்பம். மழையில் மரம் மரமாகப் பட்டையைத் தடவி வீக்கம் பார்த்தவர் அவர்தான்.

பயனீட்டுச் சான்றிதழுக்கான ரசீதுகளை அடுத்த வாரம் கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுவேன். நிலுவையின்மைச் சான்றும் பணி விடுவிப்பு ஆணையும் டிசம்பர் 31 அன்று கிடைத்தால் உதவியாக இருக்கும்.

முதல் நாள் காபிச் செடியின் தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். என் மாணவர்களுக்கும் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன், மேடம்.

அன்புடன்,
கவிதா
முதுமுனைவர் ஆய்வாளர்