ஒன்பது கோயில், இருபத்தொரு பேர்

என் மனைவியின் அண்ணன் மகனுக்கு முப்பத்தொரு வயதாகியும் திருமணம் கூடிவரவில்லை என்பதால், ஆலங்குடி குருவுக்கு ஓர் அர்ச்சனை செய்தால் போதும் என்று கரூரில் எங்கள் குடும்ப ஜோதிடர் சொன்னார். அவ்வளவு தூரம் போய்விட்டு மற்ற எட்டு கிரகங்களைப் பார்க்காமல் திரும்பினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என் மாமியார் கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லாததால், வெள்ளி, சனி இரண்டு நாட்களில் ஒன்பது தலங்களையும் தரிசிப்பதென்று முடிவாயிற்று. யாருக்காக இந்த யாத்திரையோ, அந்தப் பையனுக்கு மட்டும் பெங்களூரில் விடுமுறை கிடைக்கவில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

பதினேழு பேர் அமரக்கூடிய வேனில், ஓட்டுநர் நீங்கலாக, இருபத்தொரு பேர் புறப்பட்டோம். வீட்டு மாப்பிள்ளை என்ற மரியாதையில் எனக்கு முன் இருக்கை ஒதுக்கப்பட்டது. ஓட்டுநர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பதும் ஒவ்வொரு கோயில் வாசலிலும் தலையெண்ணுவதும் அந்த மரியாதைக்குள் அடக்கம். அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். நான்கு பத்துக்கு வேன் நகர்ந்தது. இடையிலிருந்த இரண்டு மணி பத்து நிமிடங்களில், எல்லாரும் எல்லாரையும் சீக்கிரம் கிளம்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் பெரிய மைத்துனர் வீட்டைப் பூட்டி, சாவியைச் சட்டையின் உள்பையில் போட்டு, ஊக்கும் குத்திக்கொண்டார். வழி நெடுக, யாரும் கேட்காமலே, சாவி பத்திரமாக இருக்கிறது என்று தெரிவித்துக்கொண்டும் வந்தார்.

திங்களூரில் சந்திரனைப் பார்த்துவிட்டு, ஆலங்குடிக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வந்த காரியமே இங்குதான் என்பதால் மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் வாங்கிக்கொண்டு பக்தியோடு நின்றோம். பையனின் நட்சத்திரத்தைக் குருக்கள் கேட்டார். உத்திராடம் என்று தாயும், திருவோணம் என்று பாட்டியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிரசவத்தன்று மருத்துவமனைக் கடிகாரம் நின்றுபோயிருந்தது, அதற்கு முன்பே பிறந்துவிட்டான், இல்லை, கடிகாரம் ஓடியது, மாமியாருக்குத்தான் கண் தெரியவில்லை என்று விவாதம் வளர, எங்களுக்குப் பின்னால் வரிசையும் வளர்ந்தது. மகர ராசி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை என்று நடு மைத்துனர் சமாதானம் சொன்னார். முடிவில் இரண்டு நட்சத்திரத்துக்கும் தனித்தனியே அர்ச்சனை நடந்தது. ஆகவே அந்தப் பையன் இரண்டு முறை திருமணம் செய்துகொண்டாலும் குரு பகவானைக் குறை சொல்வதற்கில்லை.

திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. ராகுவின் மேனியில் வழியும் பால் நீல நிறமாக மாறும் என்பது அந்தத் தலத்தின் சிறப்பு. மூன்று மைத்துனர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பாலைப் பார்த்தார்கள். பெரியவருக்கு நன்றாக நீலமாகத் தெரிந்தது, நடுவருக்கு லேசாகத் தெரிந்தது, சின்னவர் அந்த நேரத்தில் கைப்பேசியை அணைத்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சொத்து விஷயத்திலும் அவர்கள் மூவரின் நிலைப்பாடு இதேதான்.

நண்பகலில் கோயில்கள் நடை சாத்தியதால், ஒரு மரத்தடியில் புளியோதரையை முடித்து, மாலையில் சூரியனார்கோயிலுக்குப் போனோம். நடுவில் சூரியனும் சுற்றிலும் மற்ற எட்டு கிரகங்களும் தனித்தனிச் சந்நிதிகளில் இருக்கிறார்கள். "ஒன்பது பேரும் இங்கேயே இருக்காங்களே பாட்டி, அப்புறம் ஏன் மத்த கோயில்?" என்று ஏழு வயதுப் பேரன் கேட்டான். வேனில் அமைதி நிலவிய ஒரே சந்தர்ப்பம் அதைத் தொடர்ந்து வந்தது. பிறகு அவனுக்குத் தூக்கம் வருகிறது என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். அதற்குள் பக்கத்துத் திருமங்கலக்குடிப் பிராணநாதரை முதலில் வணங்கிவிட்டுத்தான் இங்கு வர வேண்டும் என்பது முறை என்று பூக்கடை அம்மாள் சொல்லிவிட, அங்கே போய் வணங்கி, மறுபடி வந்து சூரியனை முதல் முறையாகத் தரிசித்தோம்.

கஞ்சனூரில் சுக்கிரனை வணங்கி வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நான் தலையெண்ணினேன். இருபத்தொன்று. கணக்குச் சரியாக இருந்ததால் வேன் புறப்பட்டது. கணக்குச் சரியாக இருப்பதும் ஆள் சரியாக இருப்பதும் வெவ்வேறு என்பது கும்பகோணத்தில் விடுதி வாசல் விளக்கடியில்தான் தெரிந்தது. அத்தையின் அருகே இறங்கியவர் அத்தையின் தங்கை அல்லர். வேறு ஒரு குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ அதே வயதும் அதே அரக்கு நிறப் புடவையும் உடைய ஓர் அம்மாள். இருவரும் வழி முழுக்க முழங்கால் வலியைப் பற்றி மனம் விட்டுப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"இவ்வளவு அக்கறையா அவ என்னைக்கு விசாரிச்சா? எனக்கு அப்பவே சந்தேகம்தான் மாப்பிள்ளை" என்றார் அத்தை.

அந்த அம்மாளின் சுருக்குப்பையில் மகனின் எண் எழுதிய சீட்டு இருந்தது. பேசினேன். அவர்களுடைய வேனும் வெள்ளை நிறம்தானாம். எங்கள் சின்னத்தை அதில் வைத்தீஸ்வரன்கோயிலை நோக்கிச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தாராம். இரு தரப்புக்கும் பொதுவாக ஆடுதுறையில் ஒரு டீக்கடை வாசலில் இரவு ஒன்பதரைக்குப் பரிமாற்றம் நடந்தது. சின்னத்தை இறங்கத் தயங்கினார். அவர்கள் தமக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்ததாகவும், முறுக்கு கொடுத்ததாகவும், முக்கியமாக, தாம் பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை என்றும் தெரிவித்தார். எங்களிடம் இவற்றுள் முறுக்கு மட்டுமே இருந்தது.

மறுநாள் செவ்வாய், புதன், கேது ஆகியோர் முறையே வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் ஆகிய இடங்களில் எங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில் கேதுவுக்கென்று கொண்டுவந்த கொள்ளை, காலையிலேயே சுண்டல் என்று நினைத்துக் குழந்தைகள் பாதி தின்றிருந்தது தெரியவந்தது, மீதி சமர்ப்பிக்கப்பட்டது.

சனிக்கிழமையாகையால் திருநள்ளாற்றில் கூட்டம் அலைமோதியது. நளனைப் பிடித்திருந்த சனி விலகிய தலம் இது. நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய பழந்துணியை அங்கேயே விட்டுவிட்டால் பீடையும் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. தரிசனம் முடிந்ததும் வேறு எவர் வீட்டுக்கும் போகாமல் நேரே தம் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. பெரிய மைத்துனர் இவற்றில் எதிலும் குறை வைப்பவர் அல்லர். மூன்று முறை முழுகி, இரண்டு நாட்களாக அணிந்திருந்த சட்டையைக் கழற்றித் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு, புதுச் சட்டையில் பளிச்சென்று வந்தார். மனசே லேசாகிவிட்டது என்றார்.

இரவு இரண்டரைக்குக் கரூரில் எங்கள் வாசலில் வேன் நின்றது. பெரிய மைத்துனர் புதுச் சட்டையின் உள்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளிப்பையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். ஊக்கு குத்தியிருந்தபடியால் சாவி எங்கும் விழுந்திருக்க வாய்ப்பில்லை என்பது மட்டும் உறுதியாக இருந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் விளக்கைப் போட்டு, கதவையும் திறந்து, உள்ளே வந்து படுத்துக்கொள்ளச் சொன்னார். திருநள்ளாற்றிலிருந்து வருகிறோம் என்று அத்தை சொன்னதும் அவர் கதவைச் சற்று வேகமாகவே சாத்திக்கொண்டார். பூட்டு உடைக்கிற ஆள் காலை ஏழு மணிக்குத்தான் வருவான். எல்லாரும் திண்ணையிலும் படிக்கட்டிலும் வேனிலுமாகச் சாய்ந்தோம். ஊக்கை மட்டும் சேலையில் குத்திவைக்கக் கூடாதா என்று ஒருத்தர் தொடங்க, நட்சத்திரமே தெரியாதவர்கள் சாவியைப் பற்றிப் பேசக் கூடாது என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார்.

"எதுக்கும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை.

தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து எண்ணினேன். இருபத்தொரு பேர் இருந்தோம். இந்த முறை அத்தனை பேரும் எங்களவர்களே.